பெரிய கிரவுண்டுல டயமண்ட் ஓட்டை விழுது, ஃபிளாட் ஃபோருக்கு மாறலாமா?

மஸ்கெலியா_8

எல்லாருக்கும் வணக்கம். நம்ம தோட்டத்து டீம் 4-4-2தான் ஆடுறோம். நடுவுல நாலு பேரும் டயமண்டா நிப்போம். பின்னால ஒருத்தன், ரெண்டு பக்கமும் ஏறி இறங்க ரெண்டு பேர், ஃபோர்வர்டுங்களுக்குப் பின்னால பத்தாம் நம்பர். பத்தாம் நம்பர் எனக்கு மாமா முறை. வயசாச்சு, ஓட்டம் கம்மி. ஆனா பந்து அவர் காலுக்கு வந்துட்டா ஃபோர்வர்டு ரெண்டு பேரும் சும்மா ஓடுனாப் போதும், பந்து தானா வரும்.

நம்ம கிரவுண்டு மலையை வெட்டி எடுத்தது. மேல் பக்கம் மண் கரை, கீழ்ப் பக்கம் தேயிலை. அகலம் அம்பது மீட்டர் வந்தாலே பெரிசு. அங்க எங்களை யாரும் லேசுல ஜெயிக்க மாட்டாங்க. போன வாரம் ஹட்டன் பக்கம் ஒரு பெரிய கிரவுண்டுல ஆடி 3-1 தோத்துட்டோம். மூணு கோலும் எங்க இடது பக்கத்துலருந்து வந்தது. இப்ப எல்லாரும் லெஃப்ட் பெக் பயலைப் போட்டுத் திட்டுறாங்க, அவன் பிராக்டிசுக்கு வர்றதையே நிறுத்திட்டான்.

போயா அன்னிக்கு அதே மாதிரி பெரிய கிரவுண்டுல அடுத்த மெட்ச். ஃபிளாட் ஃபோருக்கு மாறலாமா? ஒண்ணு சொல்லிடுறேன், டீம்ல பாதிப் பேர் கொழும்புல கடைகள்ல வேலை. சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸுல வந்து ஞாயிறு காலையில ஆடுற பயலுங்க. பிராக்டிஸ்னு பெருசா எதுவும் கிடையாது.

ஹட்டன்_லெஃப்ட்_விங்

இதுல யோசிக்க என்ன இருக்கு மச்சான்? டயமண்ட் அட்டாக்குக்கு, ஃபிளாட் டிஃபென்சுக்கு. மூணு கோல் வாங்குனா ஃபிளாட்டுக்கு மாறு. 2016ல லெஸ்டர் பிரீமியர் லீக் அடிச்சது ஃபிளாட் ஃபோர்லதான். மஹ்ரேஸ், கான்டே, டிரிங்க்வாட்டர், ஆல்பிரைட்டன். நாலு பேரும் ஒரே கோட்டுல. முடிஞ்சுது கதை.

செவன்ஸ்_லிந்துலை

டயமண்டை மட்டும் விட்டுடாதீங்க. நாங்க மூணு வருசமா டயமண்ட்தான். பின்னால ஒருத்தன், ரெண்டு பக்கம் ரெண்டு பேர், முன்னால ஒருத்தன், மீதி ரெண்டு பேர் எங்க வேணுமோ அங்க. ஓட்டை விழுந்ததே இல்ல. எங்க கோல்கீப்பர் கையாலேயே எதிர் கோல் வரைக்கும் எறிவான். உங்க டீம்ல அப்படி ஆள் இருக்கா?

மஸ்கெலியா_8

அண்ணே, நாங்க பதினொரு பேர் ஆடுறோம்.

பழைய_ஸ்டொப்பர்

தம்பி மஸ்கெலியா, மாத்துறதுக்கு முன்னால ரெண்டு மூணு விஷயம் கேட்கணும்.

அதுக்கு முன்னாடி லெஃப்ட் விங் தம்பிக்கு ஒரு வார்த்தை. டயமண்ட் அட்டாக்குக்கு, ஃபிளாட் டிஃபென்சுக்குங்கிறது பாதி உண்மைகூட இல்ல. 1966ல இங்கிலாந்து உலகக் கிண்ணம் எடுத்தப்போ நடுவுல ஸ்டைல்ஸ் பின்னால, போலும் பீட்டர்சும் ரெண்டு பக்கம், பொபி சார்ல்டன் முன்னால. பேர் என்னவா இருந்தாலும் கிட்டத்தட்ட டயமண்ட்தான். குவார்ட்டர் ஃபைனல்லருந்து விங்கருங்களே இல்லாம ஆடுன அந்த டீம் செமிஃபைனல் வரைக்கும் ஒரு கோல்கூட வாங்கல. செமிஃபைனல்ல வாங்குனதும் பெனால்டி. லெஸ்டரை எடுத்துக்கோங்க. ஃபிளாட்தான், ஆனா அது பந்தைப் பறிச்ச அடுத்த நொடி வார்டிக்கு முன்னால அடிச்ச டீம். ரெண்டையும் ரெண்டு விதமாவும் ஆடலாம். எந்த இடத்தை விட்டுக்கொடுக்கத் தயாரா இருக்கோம்ங்கிறதுலதான் வித்தியாசம். டயமண்ட் பக்கவாட்டை விட்டுக்கொடுக்கும், ஃபிளாட் ஃபோர் ரெண்டு லைனுக்கும் நடுவுல இருக்கிற இடத்தை விட்டுக்கொடுக்கும்.

இப்ப கேள்வி. மூணு கோல்லயும் கிராஸ் போட்டவன் யாரு, அவங்க விங்கரா இல்ல ரைட் பெக்கா? பந்து அவன்கிட்ட எப்படி வந்தது, அந்தப் பக்கத்துலருந்து ஒரே உதையில வந்ததா, இல்ல பின்னால பெக்குங்க வழியா சுத்தி வந்ததா? பந்து அவன் காலுக்கு வந்த நேரத்துல உங்க லெஃப்ட் பெக் யாரைப் பார்த்துக்கிட்டு நின்னான்? ஃபோன்ல யாராவது எடுத்திருப்பாங்க. அந்த இடத்துல நிறுத்திப் பாருங்க.

மஸ்கெலியா_8

தம்பி எடுத்த வீடியோ இருந்தது சேர். பாதி நேரம் மூடுபனி, பரவாயில்ல, கோல் மூணும் தெரியுது.

முதல் கோல், அவங்க ரைட் பெக். அந்தப் பக்கத்துலருந்து ஒரே உதையில பந்து தலைக்கு மேல வந்தது. அவனைச் சுத்தி யாருமே இல்ல. லெஃப்ட் பெக் அவங்க விங்கர்கூட நிக்கிறான். எங்க இடது பக்கத்து மிட்ஃபீல்ட் பையன் கிரவுண்டு நடுவுல நிக்கிறான், ஏன்னா பந்து அதுவரைக்கும் வலது பக்கத்துல இருந்தது.

ரெண்டாவதும் அச்சு அசலா அதேதான். இந்தத் தடவை லெஃப்ட் பெக் ரைட் பெக்கைப் பிடிக்க வெளிய வந்தான், பந்து அவன் முதுகுக்குப் பின்னால விங்கருக்குப் போயிடுச்சு. மூணாவது கோர்னர்ல வந்தது, அந்தக் கோர்னரும் இப்படிக் கிடைச்சதுதான்.

லெஃப்ட் பெக் கையை விரிச்சுக்கிட்டு மிட்ஃபீல்டைப் பார்க்கிறான். மிட்ஃபீல்ட் பையன் அவனைப் பார்க்கிறான்.

பழைய_ஸ்டொப்பர்

ரெண்டு பேர் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கிட்டு நிக்கிறதுதான் டயமண்ட் உடைஞ்சதுக்கு அடையாளம். லெஃப்ட் பெக்கைத் திட்டுறதை முதல்ல நிறுத்துங்க. அவன் ஒருத்தன், எதிர்ல ரெண்டு பேர். வெளிய போனாலும் தப்பு, உள்ள நின்னாலும் தப்பு.

என்ன நடந்ததுன்னு கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம். டயமண்ட்ல அவங்க ரைட் பெக்குக்குன்னு நேரடியா ஆள் கிடையாது. பந்து அந்தப் பக்கம் போகும்போது உங்க இடது மிட்ஃபீல்ட் பையன்தான் உள்ளேருந்து வெளிய ஓடிப் பிடிக்கணும். அவன் போனதும் பின்னால நிக்கிறவன் அந்தப் பக்கமா நகரணும், வலது பையன் உள்ள வரணும், பத்தாம் நம்பர் அவங்க நடு ஆளை மறைக்கணும். நாலு பேரும் ஒரே நேரத்துல நகர்ந்தா சரி. ஒருத்தன் பிந்தினா ஓட்டை.

இதுல கிரவுண்டு அகலம் எங்க வருதுன்னா, பெரிய கிரவுண்டு 68 மீட்டர்னு வச்சுக்குவோம். பந்து வலது கோட்டுப் பக்கம் இருக்கும்போது உங்க இடது பையன் ஒழுங்கா உள்ள வந்து நின்னா கிரவுண்டு நடுவுல இருப்பான். அங்கேருந்து இடது கோடு 34 மீட்டர். அவங்க ரைட் பெக் கோட்டுலருந்து எட்டு ஒம்போது மீட்டர் உள்ள பந்து வாங்குறான். அப்ப உங்க பையன் 25 மீட்டர் ஓடணும். நின்ன இடத்துலருந்து நம்ம பயலுங்களுக்கு அது நாலு செகண்ட் வேலை. பந்து காத்துல வர ரெண்டு, ரெண்டரை செகண்ட். அவன் அதை அடக்கி நிமிர இன்னும் ஒரு செகண்ட். உங்க பையன் வந்து சேரும்போது கிராஸ் கிளம்பியிருக்கும்.

இதையே உங்க தோட்டத்து கிரவுண்டுல பாருங்க. அம்பது மீட்டர் அகலம்னா நடுவுலருந்து கோடு 25 மீட்டர்தான். ஓட வேண்டியது பதினாறு, பதினேழு மீட்டர். மூணு செகண்டுக்குள்ள போயிடுவான். அவன் பந்தை அடக்குறதுக்கும் இவன் போய் நிக்கிறதுக்கும் சரியா இருக்கும். ஊர்ல ஜெயிச்சதும் வெளிய தோத்ததும் அதே டயமண்ட்தான், அதே பையன்தான். ஒம்போது மீட்டர் வித்தியாசம்.

இன்னொண்ணு கவனிங்க. பந்து பின்னால பெக்குங்க வழியா மூணு பாஸ்ல சுத்தி வந்தா அஞ்சு ஆறு செகண்ட் ஆகும். 68 மீட்டர் கிரவுண்டுலயும் உங்க பையன் போய்ச் சேர்ந்துடுவான். ஆக உங்களைக் கொன்னது அந்த ஒரே உதை. வீடியோவை இன்னும் கொஞ்சம் பின்னால ஓட்டி, அந்த உதையைப் போட்டவன் கிட்ட யார் நின்னாங்கன்னு பாருங்க.

மஸ்கெலியா_8

பார்த்தேன் சேர். யாருமே இல்ல. அவன் தலையை நிமிர்த்திப் பார்த்து, ரெண்டு அடி எடுத்து வச்சு நிதானமா உதைக்கிறான். மாமா பத்து மீட்டர் தள்ளி இடுப்புல கை வச்சுக்கிட்டு நிக்கிறார் 😅

ஹட்டன்_லெஃப்ட்_விங்

இவ்வளவு கணக்குப் போட்டும் கடைசியில ஃபிளாட்டுக்கு மாறுன்னுதானே வருது. நான் ரெண்டு வரியில சொன்னேன்.

பேராதனை_மிலான்

நான் பேராதனையில படிக்கிறன், ஊர் வடமராட்சி. மிலான் ரசிகன் எண்டபடியால் இதுக்குள்ள தலை போடுறன். ஃபிளாட்டுக்கு மாறினால் எல்லாம் சரி எண்டு சொல்லுறது பிழை. 2005 மே 25, இஸ்தான்புல், சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். மிலான் டயமண்ட்: பின்னால பிர்லோ, வலப்பக்கம் கட்டூசோ, இடப்பக்கம் சீடோர்ஃப், முன்னுக்கு ககா. லிவர்பூல் நடுவில நாலு பேரை வரிசையா விட்டது. ஜெரார்டும் அலொன்சோவும் நடுவில. ஹாஃப் டைம்ல 3-0. ககாவைப் பிடிக்க ஆளே இல்லை. பிறகு லிவர்பூல் மூண்டு கோலையும் திருப்பி அடிச்சு பெனால்டியில வெண்டது அதிஷ்டம், அவ்வளவுதான்.

பழைய_ஸ்டொப்பர்

பேராதனைத் தம்பி நல்ல மெட்சைத்தான் எடுத்தீங்க, ஆனா பாதியில நிறுத்திட்டீங்க. ரெண்டு பக்கத்து ஓட்டையும் ஒரே ராத்திரியில தெரிஞ்ச மெட்ச் அது. முதல் பாதியில ஃபிளாட்டோட ஓட்டை, ரெண்டாவது பாதியில டயமண்டோட ஓட்டை.

முதல் நிமிஷத்துல மால்டினி போட்ட கோலை விட்டுடுங்க, அது ஃப்ரீ கிக்ல வந்தது. 44ஆவது நிமிஷக் கோலைப் பாருங்க. பிர்லோகிட்டருந்து பந்து ககாவுக்கு. ககா ஒரே திருப்புல ஜெரார்டைத் தாண்டுறார். அதுக்கப்புறம் அவருக்கும் பெக் லைனுக்கும் நடுவுல யாரும் இல்ல. நடுவுல ரெண்டே பேர் நிக்கிறப்போ ஒருத்தனைத் தாண்டினா அவ்வளவுதான். அங்கேருந்து கிரெஸ்போவுக்கு ஒரு பாஸ், கோல்.

ஹாஃப் டைம்ல லிவர்பூல் கோச் பெனிடெஸ் என்ன செஞ்சார்? ரைட் பெக் ஃபின்னனை எடுத்துட்டு ஹாமனை இறக்கினார். பின்னால மூணு பேர். நடுவுல ஹாமனும் அலொன்சோவும் ககா பக்கத்துலயே. அதனால ஜெரார்ட் முன்னால போக முடிஞ்சது. ரெண்டு கோட்டுப் பக்கமும் ஒவ்வொருத்தர், இடதுல ரீசா, வலதுல ஸ்மிட்சர். 54ஆவது நிமிஷம் முதல் கோல் எங்கேருந்து வந்தது? இடது பக்கத்துலருந்து ரீசா போட்ட கிராஸ். முதல் தடவை போட்டது கஃபு மேல பட்டுத் திரும்பி அவர்கிட்டயே வந்தது, ரெண்டாவது தடவை போட்டார், ஜெரார்ட் தலையால அடிச்சார். ரெண்டாவது தடவை போட அவருக்கு நேரம் இருந்ததைக் கவனிங்க. டயமண்ட்ல கோட்டோரம் நிக்க பெக் ஒருத்தர்தான், துணைக்கு ஆள் உள்ளேருந்து வரணும்.

மிலான் கடைசியில சீடோர்ஃபை எடுத்துட்டு செர்ஜினியோவை இறக்கி இடது கோட்டுல ஓட விட்டதும், லிவர்பூல் ஜெரார்டை ரைட் பெக்கா இறக்கவேண்டி வந்தது. மிலான் கோச் அன்செலோட்டியே அகலம் தேடினார்னு அர்த்தம்.

அதிஷ்டமும் இருந்ததுதான். ஷெவ்சென்கோ அவ்வளவு பக்கத்துலருந்து அடிச்சதை டுடெக் தடுத்ததுக்கு ஃபோர்மேஷன்ல விளக்கம் கிடையாது.

பேராதனை_மிலான்

சேர், ஒத்துக்கொள்ளுறன், ஆனால் பெனிடெஸ் போனது ஃபிளாட் ஃபோருக்கு இல்லையே. மூண்டு பேரைப் பின்னால விட்டுத்தான் தப்பினவர். அப்ப உங்கட உதாரணமும் இவைக்கு முழுசாப் பொருந்தாது.

பழைய_ஸ்டொப்பர்

பொருந்தாதுதான். நான் காட்ட வந்தது ஓட்டைங்க எங்கன்னு மட்டும். அடைக்கிற வழி டீமுக்கு டீம் வேற.

பண்டாரவளை_டீச்சர்

சேர் சொன்ன அகலக் கணக்கு எல்லாம் சரி. ஆனா ஒரு விஷயத்தை யாருமே கேட்கல. எதிர் டீம் எப்படி ஆடுது? கிரவுண்டு எந்த நிலைமையில இருக்கும்?

நான் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். முதல்ல ஃபிளாட் ஃபோர்லதான் ஆரம்பிச்சேன், எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்க அதுதான் லேசு. இடது பக்கம் ரெண்டு பேர், வலது பக்கம் ரெண்டு பேர், யாருக்கு யார் துணைன்னு கேட்கவே வேண்டாம். ஆனா எங்க பக்கம் மழைக் காலத்துல கிரவுண்டுல தரையோட பாஸ் போட முடியாது. பந்து பாதி வழியில சேத்துல நின்னுடும். அதனால ரெண்டு டீமும் தூக்கித்தான் அடிக்கும். தூக்கி அடிச்சா பந்து விழுறது நடுவுல, தலையில பட்டு, காலுல பட்டு தெறிக்கும். அந்த ரெண்டாவது பந்தை எடுக்க நடுவுல எனக்கு ரெண்டே பேர். விங்ல நிக்கிற ரெண்டு பிள்ளைகளும் நனைஞ்சுக்கிட்டு வேடிக்கை பார்த்துக்கிட்டு நிப்பாங்க.

டயமண்டுக்கு மாத்தினதும் பந்து விழுற இடத்தைச் சுத்தி நாலு பேர். பின்னால ஒருத்தி, முன்னால ஒருத்தி, பக்கத்துல ரெண்டு பேர். எந்தப் பக்கம் தெறிச்சாலும் ஒருத்தி இருப்பா. எதிர் டீம் கோட்டோரம் சும்மா நின்னா நிக்கட்டும், அந்தச் சேத்துல நாப்பது மீட்டர் குறுக்கே உதைச்சு இன்னொருத்தி காலுல போடுறதுக்கு ஆள் வேணுமே. தம்பியோட எதிரிக்கு அந்த மாதிரி உதைக்கிற ஒருத்தன் இருந்திருக்கான். அடுத்த டீமுக்கு இருக்கான்னு தெரியுமா?

பழைய_ஸ்டொப்பர்

டீச்சர் சொல்றது நியாயம். ஆனா ஒரு எல்லை இருக்கு. ரெண்டாவது பந்தை எடுக்க நாலு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கணும். பெக் லைன் பயந்து பின்னால போயிட்டா டயமண்டுக்கும் பெக்குங்களுக்கும் நடுவுல இருபது மீட்டர் விழுந்துடும். அப்ப தெறிக்கிற பந்தெல்லாம் அந்த இடைவெளியில, டயமண்டோட பின் ஆள் தனி ஆளா மாட்டுவார். ஸ்டொப்பருங்க முன்னால ஏறி வரத் துணிஞ்சவங்களா இருந்தா டீச்சர் வழி. இல்லாட்டி டயமண்டும் உதவாது.

ஃபிளாட் ஃபோருக்கும் இதே விதிதான். மிட்ஃபீல்ட் லைனுக்கும் பெக் லைனுக்கும் பத்து, பன்னெண்டு மீட்டருக்கு மேல போகவே கூடாது. சாச்சியோட மிலான் ஃபிளாட் 4-4-2ல முன் ஆள்லருந்து பின் ஆள் வரைக்கும் இருபத்தஞ்சு மீட்டருக்குள்ள அடக்கி ஆடுச்சு, 1989லயும் 1990லயும் ஐரோப்பியக் கிண்ணம் எடுத்துச்சு. அப்படி நெருக்கினா ககா மாதிரி ஆள் நிக்க இடமே இருக்காது. ஆனா அந்த நெருக்கம் தினமும் பிராக்டிஸ் செஞ்சு வந்தது. சனிக்கிழமை பஸ்ஸுல வந்து இறங்குற பயலுங்களுக்கு வராது.

செவன்ஸ்_லிந்துலை

இவ்வளவு எழுதுறீங்க, செவன்ஸ் கிரவுண்டு அகலத்துக்கு இந்தக் கணக்கு எப்படி வரும்னு யாராவது சொல்லுங்களேன்.

ஹட்டன்_லெஃப்ட்_விங்

அங்க நாலு எட்டு வச்சா அடுத்த கோடு. கணக்கே வேணாம்.

மஸ்கெலியா_8

டீச்சர், அடுத்த டீமைப் பத்திக் கேட்டுப் பார்த்தேன். அவங்களுக்கு உயரமான ஒரு ஃபோர்வர்ட் இருக்கானாம், எல்லாப் பந்தும் அவன் தலைக்குத்தான். விங்கருங்க வேகம். குறுக்கே உதைக்கிற ஆள் இருக்கானான்னு தெரியல.

என் பிரச்சினை மாமாதான். ஃபிளாட்னா அவரை எங்க போடுறது? விங்ல ஓட மாட்டார். நடுவுல ரெண்டு பேர்ல ஒருத்தரா விட்டா பந்து பறிக்க மாட்டார். வெளிய உக்கார வைக்கச் சொன்னா எங்க அம்மாவே என்னை வீட்டுக்குள்ள விடாது.

ஒரு யோசனை. பந்து எங்ககிட்ட இருக்கும்போது டயமண்ட், பந்து போனதும் ஃபிளாட். மாமா இடது பக்கம் இறங்கிடுவார். இது முடியுமா?

பழைய_ஸ்டொப்பர்

யோசனை நல்லது, ஆள் தப்பு. பந்து போன நேரத்துல மாமா எங்க நிப்பார்? அவங்க பெனால்டி பொக்ஸ் பக்கத்துல. அங்கேருந்து இடது கோட்டுக்கு முப்பது மீட்டர் குறுக்கா இறங்கணும். டீம்லயே ஓட்டம் குறைஞ்ச ஆளுக்கு டீம்லயே நீளமான ஓட்டத்தைக் கொடுக்கிறீங்க. வீடியோவுல இடுப்புல கை வச்சு நின்னவர்தானே.

வேற மாதிரி செய்யுங்க. பந்து போனதும் இடது மிட்ஃபீல்ட் பையன் நேரா வெளிய போயிடட்டும், பந்து எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. வலது பையனும் அதே மாதிரி. மாமா நேரா பின்னால பத்துப் பன்னெண்டு மீட்டர் இறங்கி நடு ஆள் பக்கத்துல நிக்கட்டும். அவர் பந்து பறிக்க வேண்டாம், அவங்க நடு ஆளுக்குப் போற வழியை மறைச்சு நின்னாப் போதும். அப்ப அது கிட்டத்தட்ட ஃபிளாட் ஃபோர். பந்து திரும்பக் கிடைச்சதும் முதல் பாஸ் மாமாவுக்கு. அவர் ஏற்கனவே நடுவுலதான் நிக்கிறார்.

இதுல நீங்க இழக்கிறது, மாமா முன்ன மாதிரி ஃபோர்வர்டுங்க பக்கத்துலயே இருக்க மாட்டார்.

பண்டாரவளை_டீச்சர்

எனக்கு இதுல உடன்பாடு இல்ல சேர். உயரமான ஃபோர்வர்டுக்குத்தான் பந்து வரப்போகுதுன்னா தெறிக்கிற பந்து நடுவுலதான் விழும். அங்க பந்து பறிக்காத ஒருத்தரையும் இன்னொருத்தனையும் மட்டும் நிறுத்துறீங்க. போன மெட்ச்ல வந்த ஓட்டையை அடைக்கப் போய் இந்த மெட்ச்ல வரப்போற ஓட்டையைத் திறக்கிறீங்க.

நான்னா டயமண்டை அப்படியே விட்டுட்டு ஃபோர்வர்டுங்க ரெண்டு பேர்ல ஒருத்தனை மட்டும் மாத்துவேன். பந்து போனதும் இடது ஃபோர்வர்ட் அவங்க ரைட் பெக்கைப் பிடிக்கணும், அவன் ஏறினா இவனும் கூடவே இறங்கணும். மாமா மேல நிக்கட்டும். நடுவுல மூணு பேர் அப்படியே இருப்பாங்க.

பழைய_ஸ்டொப்பர்

அந்த ஃபோர்வர்ட் தொண்ணூறு நிமிஷம் ரைட் பெக் பின்னால ஓடினா, பந்து கிடைக்கும்போது மேல யார் இருப்பா டீச்சர்? மாமாவும் இன்னொருத்தனும். மாமா பாஸ் போட ஒரே ஒரு ஆள்.

பண்டாரவளை_டீச்சர்

ஒரு ஆள் போதும், பந்து கிடைச்சா. உங்க வழியில பந்தே கிடைக்காது.

மஸ்கெலியா_8

மெட்ச் முடிஞ்சுது. 1-1.

முதல் பாதி சேர் சொன்ன மாதிரி ஆடினோம். இடது பக்கத்துலருந்து ஒரு நல்ல கிராஸ்கூட வரல. லெஃப்ட் பெக் பயலைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்திருந்தோம், அவன் நல்லா ஆடினான், முன்னால ஒருத்தன் நிக்கிறதால அவனுக்குக் குழப்பமே இல்ல. ஆனா டீச்சர் சொன்னதும் நடந்துச்சு. உயரமானவன் தலையால தட்டி விட்ட பந்து நடுவுல விழுந்துச்சு, மாமா பார்த்துக்கிட்டே நின்னார், அவங்க ஆள் இருபது மீட்டர்லருந்து அடிச்சான். கோல்.

ரெண்டாவது பாதியில மழை கொட்டிடுச்சு. பழைய டயமண்டுக்கே போயிட்டோம், இடது ஃபோர்வர்டை மட்டும் ரைட் பெக்கைப் பார்த்துக்கச் சொன்னேன். மாமா மேல போனதும் பத்து நிமிஷத்துல கோல், அவர் பாஸ்தான். ஆனா கடைசி கால் மணி நேரம் அந்த ஃபோர்வர்டால நடக்கக்கூட முடியல, ரைட் பெக் ரெண்டு தடவை தனியா வந்து கிராஸ் போட்டான். அதிஷ்டம், தலை படல.

அவங்க குறுக்கே உதைச்சது எண்ணி ரெண்டு தடவைதான் இருக்கும். காஞ்ச கிரவுண்டா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியல.

பழைய_ஸ்டொப்பர்

அந்தக் கோல்ல மாமா நின்ன இடம் சரியா? நடு ஆளுக்குப் பக்கத்துல நின்னாரா, இல்ல அவருக்கு முன்னால நின்னாரா? பக்கத்துல நின்னு விட்டுட்டார்னா டீச்சர் சொன்னதுதான் சரி. முன்னால நின்னார்னா அவர் முழுசா இறங்கவே இல்ல, ஃபிளாட் ஃபோர் அந்த நேரத்துல உருவாகவே இல்லன்னு அர்த்தம்.

மஸ்கெலியா_8

வீடியோ எடுத்த தம்பி கோல் நேரத்துல குடை விரிச்சுக்கிட்டு இருந்திருக்கான் சேர். கால் மட்டும்தான் தெரியுது.

பண்டாரவளை_டீச்சர்

எங்க நின்னிருந்தாலும் அவர் பறிச்சிருக்க மாட்டார். தம்பி, அந்த ஃபோர்வர்டுக்கு மாத்தா ஒரு ஆளை வெளிய வச்சிருந்து, எழுபதாவது நிமிஷத்துல இறக்கிப் பாருங்க. ரைட் பெக்கைப் பார்க்கிற வேலைக்கு மட்டும். கோல் அடிக்கத் தெரியணும்னுகூட இல்ல.

ஹட்டன்_லெஃப்ட்_விங்

மச்சான், எழுபதாவது நிமிஷத்துக்கு ஆள் வேணும்னா நான் இருக்கேன். கோல் அடிக்கத் தெரியாது, அந்தத் தகுதி எனக்கு இருக்கு.

மஸ்கெலியா_8

நிஜமாவா? ஞாயிறு காலையில எட்டு மணிக்கு வாங்க. மலைக் கிரவுண்டு, பூட்ஸ் ஸ்டட் பெருசா இருக்கட்டும்.